அரக்குப் பின்னணியில் மாம்பழ மஞ்சள்: ஒரு லோகோவின் ஓரத்தைச் சரிசெய்த குறிப்பு

லேபிள் சுத்தமாக வந்துவிட்டது. அரக்கு நிறத்தின் மேல் மாம்பழ மஞ்சளில் ஒரு குத்துவிளக்கு, அதன் கீழ் இரண்டு வரி எழுத்து. கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாலும் ஓரத்தில் வெள்ளை இல்லை. அதே லோகோ பெயர்ப்பலகையிலும் டெலிவரி வண்டியின் பெட்டியிலும் ஏறிவிட்டது. மூன்று இடத்துக்கும் ஒரே கோப்பு போதவில்லை. எது எங்கே ஒத்துவந்தது, எது எங்கே கழுத்தறுத்தது என்பதை நடந்த வரிசையிலேயே எழுதிவைக்கிறேன்.

பெங்களூரு அல்சூரில் பெரியம்மா இட்லிப் பொடி, பருப்புப் பொடி, சாம்பார் பொடி என்று வீட்டிலேயே அரைத்து விற்கிறார். இதுவரை பை வெள்ளை, லேபிளும் வெள்ளை. வெள்ளையின் மேல் எந்த லோகோவை ஒட்டினாலும் குறை தெரியாது. இந்த முறை பையை அரக்காக மாற்றினார். “புடவைக்கு அரக்கில் மஞ்சள் கரை எவ்வளவு எடுப்பாக இருக்கிறது, பைக்கு இருக்காதா?” என்றார். இருக்கும்தான். ஆனால் அந்த மஞ்சளைச் சுற்றி இன்னொரு கரை, வெண்ணெய் நிறத்தில், யாரும் கேட்காமலே வந்து நின்றது.

கையில் இருந்த கோப்பு

லோகோவை முதலில் வரைந்துகொடுத்தவரிடம் மூலக் கோப்பு இல்லை. கணினியை மாற்றியபோது போய்விட்டதாம். பெரியம்மாவின் கைப்பேசியில் இருந்தது `IMG-20230814-WA0007.jpg`. பெயரிலேயே ஜாதகம் இருக்கிறது: வாட்ஸ்அப் வழியாகப் படமாக வந்தது, ஆகவே மறுபடியும் சுருக்கப்பட்டது. படம் 1080 பிக்சல் சதுரம். நடுவில் லோகோ சுமார் 400 பிக்சல் அகலம், மீதி வெள்ளை.

கிம்ப் என்ற படத் திருத்தியில் திறந்து 800 விழுக்காட்டுக்குப் பெரிதாக்கிப் பார்த்தேன். விளக்கின் உட்பகுதி ஓரளவு ஒரே மஞ்சள். வண்ணம் எடுக்கும் கருவியில் 224, 160, 32 என்று காட்டியது. சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில். வெளியே வெள்ளை 255, 255, 255. இரண்டுக்கும் இடையே ஓரத்தில் ஒன்றிரண்டு பிக்சல் அகலத்துக்கு இரண்டும் கலந்த நிறம். வளைவு படிக்கட்டாகத் தெரியாமல் இருக்க, வரையும் மென்பொருளே அப்படிக் கலந்துவிடுகிறது. பாதி மஞ்சளும் பாதி வெள்ளையும் விழுந்த ஒரு பிக்சல் 240, 208, 144. நல்ல வெண்ணெய் நிறம்.

அதற்கும் வெளியே இன்னொன்று இருந்தது. வெள்ளை என்று நம்பிய இடத்தில், லோகோவை ஒட்டிய பகுதியில், 253, 255, 248 போன்ற மதிப்புகள் தூசிபோலச் சிதறிக் கிடந்தன. ஜேபெக் படத்தை எட்டுக்கு எட்டுப் பிக்சல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குகிறது. ஒரு கட்டத்துக்குள் கூர்மையான ஓரம் வந்தால், சுருக்கியதன் பிழை அந்தக் கட்டம் முழுவதும் சிற்றலையாகப் பரவும். ஓரம் இல்லாத கட்டங்களில் வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. வெள்ளைத் தாளில் இந்தத் தூசியை யாரும் பார்க்க முடியாது.

வெள்ளையை அழித்துப் பார்த்தது

முதல் முயற்சி எல்லோரும் செய்வதுதான். `Fuzzy Select` கருவியால் வெள்ளையைச் சொடுக்கி, அழித்து, பிஎன்ஜியாகச் சேமித்தேன். திரையில், ஒளிபுகும் இடத்தைக் காட்டும் கட்டம் கட்டமான பின்னணி தெரிந்தது. பார்க்க அழகாக இருந்தது. லேபிள் வடிவமைப்பில் அரக்கின் மேல் வைத்து, சுல்தான்பேட்டையில் ஓர் அச்சுக்கடையில் ஏ3 ஸ்டிக்கர் தாளில் மாதிரி எடுத்தேன். தாள் 60 ரூபாய். மஞ்சள் விளக்கைச் சுற்றி வெண்ணெய்க் கோடு. எழுத்துகளைச் சுற்றிப் பொடிப்பொடியாக வெள்ளைத் தூசி. ‘ண’வின் சுழிகளுக்குள் முழு வெள்ளை.

சுழிக்கான காரணம் எளிது. அந்தக் கருவி சொடுக்கிய இடத்திலிருந்து தொட்டுத் தொட்டுப் பரவும். சுழிக்குள் இருக்கும் வெள்ளை எழுத்தால் சூழப்பட்டிருப்பதால் அங்கே போய்ச் சேராது. தமிழ் எழுத்தில் சுழிக்குப் பஞ்சமே இல்லை என்பதால் ஒவ்வொன்றாகச் சொடுக்க வேண்டியிருந்தது. நிறத்தை வைத்துத் தேர்ந்தெடுக்கும் கருவியைப் பயன்படுத்தினால் இது ஒரே நொடியில் தீரும்.

தூசியும் கரையும் அப்படித் தீரவில்லை. தேர்வின் அளவை 15இலிருந்து 40க்கு ஏற்றினேன். தூசி போனது, கரை போகவில்லை. 120க்கு ஏற்றினேன், கரை போனது, ஆனால் ஓரம் ரம்பப் பல்லாக மாறி, விளக்கின் மெல்லிய சங்கிலி அங்கங்கே அறுந்தது. எந்த எண்ணை வைத்தாலும் இந்த இரண்டில் ஒன்று நடந்தது. அழிப்பது என்பது ஒரு பிக்சலை இரு அல்லது போ என்று கேட்பது. ஓரப் பிக்சலுக்கு அந்தக் கேள்வியே பொருந்தாது. அது பாதி இருக்க வேண்டும்.

அது அரக்கின் மேல் எந்த நிறத்தில் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டால் விஷயம் பிடிபட்டுவிடும். அரக்கு 96, 0, 32. மஞ்சள் 224, 160, 32. இரண்டும் சரிபாதி கலந்தால் 160, 80, 32. செம்புக்கு நெருக்கமான ஒரு பழுப்பு. அங்கே நான் வைத்திருந்ததோ 240, 208, 144. கண்ணுக்குக் கரையாகத் தெரிவது இந்த வேறுபாடுதான். ஜேபெக்கில் வெள்ளை ஏற்கெனவே கலந்தாயிற்று. கலந்த காபியிலிருந்து பாலைப் பிரிக்கும் வேலை அது. டிகாக்ஷன் எவ்வளவு என்று தனியாகக் குறித்துவைக்கிற இடம் ஜேபெக்கில் கிடையாது, பிஎன்ஜியில் உண்டு. அதற்கு ஆல்பா என்று பெயர். ஒவ்வொரு பிக்சலுக்கும் 0 முதல் 255 வரை ஓர் எண். அதை 255ஆல் வகுத்தால் வருவது `a`. கணக்கு இவ்வளவுதான்:

```
புள்ளி = a × லோகோ நிறம் + (1 − a) × பின்னணி நிறம்
```

கோப்பில் லோகோ நிறமும் `a`யும் மட்டும் இருந்தால் போதும். பின்னணியை வைக்கிற இடத்தில், வைக்கிற நேரத்தில் கலந்துகொள்ளலாம். ஆகவே பிஎன்ஜியாகச் சேமித்ததில் தவறில்லை. அதற்குள் நான் வைத்த ஓரப் பிக்சல்கள்தான் `a`யை 1 என்று சொல்லிக்கொண்டு, வெள்ளை கலந்த நிறத்தோடு நின்றன. கோப்பின் பெயரில் பிஎன்ஜி என்று இருப்பது ஒரு வசதி இருக்கிறது என்பதைத்தான் சொல்கிறது. வசதியைப் பயன்படுத்தியிருக்கிறார்களா என்பதைச் சொல்வதில்லை. கட்டம் கட்டமான பின்னணியையே படமாக வரைந்து வைத்திருக்கும் பிஎன்ஜிகளையும் இணையத்தில் பார்த்திருக்கிறேன்.

நிறத்தை ஆல்பாவாக மாற்றியது

கிம்ப்பில் `Colors > Color to Alpha` என்று ஒன்று இருக்கிறது. வெள்ளையைக் காட்டினால், ஒவ்வொரு பிக்சலிலும் எவ்வளவு வெள்ளை கலந்திருக்க முடியுமோ அவ்வளவையும் உறிஞ்சி எடுத்து, அந்த அளவுக்கு ஒளிபுகவிடும். ஓரத்துக்கு இதைவிடச் சரியான கருவி இல்லை. ஆனால் அப்படியே முடுக்கிவிட்டு அரக்கின் மேல் வைத்ததும் மஞ்சள் மங்கிப்போனது. மாம்பழ மஞ்சள் போய்ப் பழைய பித்தளை வந்துவிட்டது.

திரையின் குறை என்று நினைத்து வெளிச்சத்தையெல்லாம் கூட்டிப் பார்த்த பிறகுதான் எண்களைப் பார்த்தேன். அரக்கின் மேல் விளக்கின் நடுப்பகுதியே 204, 128, 4 என்று இருந்தது. காரணம் அந்த நீல மதிப்பு 32. கலப்பில்லாத மஞ்சளிலேயே நீலம் 32 இருக்கிறது என்பது கருவிக்குத் தெரியாது. வெள்ளை கொஞ்சம் கலந்ததால்தான் இந்த 32 வந்தது என்று எண்ணி, அதையும் வெள்ளையின் கணக்கில் எழுதிவிடுகிறது. ஆகவே முழுதாக இருக்க வேண்டிய இடத்துக்கும் 87 விழுக்காடு அடர்த்திதான் கிடைத்தது. மிச்சம் 13 விழுக்காட்டில் அரக்கு உள்ளே எட்டிப்பார்த்தது. மூன்று நிறங்களில் ஏதேனும் ஒன்று 0 ஆக இருக்கும் லோகோவுக்கு இந்தத் தொல்லை வராது. கறுப்பு லோகோவில் இந்தக் கருவி மாயம்போல வேலை செய்வது அதனால்தான். பயிற்சிக் காணொளிகளில் எப்போதும் கறுப்பு லோகோவையே எடுத்துக்கொள்வதும் அதனால்தான் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

அதே பெட்டியில் இரண்டு சறுக்குப்பட்டிகள் இருக்கின்றன. `Opacity threshold` என்பதை 0.85க்கு இறக்கினேன். வெள்ளையிலிருந்து அந்தத் தொலைவைத் தாண்டிய பிக்சல் எல்லாம் முழு அடர்த்தி என்று பொருள். என் மஞ்சளின் தொலைவு 0.87 என்பதால் அது முழுதாக நின்றது. `Transparency threshold` என்பதை 0.04க்கு ஏற்றினேன். வெள்ளையிலிருந்து அவ்வளவுகூட விலகாத பிக்சல் எல்லாம் முழுதாக ஒளிபுகும். ஜேபெக் தூசி மொத்தமும் அங்கே போய்ச் சேர்ந்தது. இந்த இரண்டு எண்களும் இந்த மஞ்சளுக்கு உரியவை. வேறு நிறத்துக்கு அதன் மிகக் குறைந்த நிற மதிப்பை 255இலிருந்து கழித்து, 255ஆல் வகுத்தால் வருகிற எண்ணுக்குச் சற்றுக் கீழே `Opacity threshold` நிற்க வேண்டும்.

இன்னும் ஒரு படி செய்தேன். லோகோ ஒரே நிறம் என்பதால், கோப்பில் உள்ள நிறத்தை நம்பத் தேவையில்லை. ஆல்பா சரியாக இருந்தால் போதும். லேயர் பட்டியலில் ஆல்பாவைப் பூட்டிவிட்டு, முழுவதையும் 224, 160, 32 என்ற ஒரே மஞ்சளால் நிரப்பினேன். உள்ளே இருந்த ஜேபெக் புள்ளிகளும் ஓரத்தில் ஒட்டியிருந்த வெண்ணெயின் மிச்சமும் ஒரேயடியாகப் போயின. வெள்ளையால் நிரப்பி இன்னொரு பிரதியும் எடுத்துக்கொண்டேன். கறுப்புப் பின்னணிக்கு அது உதவும். இரண்டு மூன்று நிறங்கள் கொண்ட லோகோவுக்கு இந்தக் குறுக்குவழி கிடையாது. நிறத்துக்கு ஒரு லேயராகப் பிரித்துத்தான் செய்ய வேண்டும்.

சோதிக்க, லேபிளில் வைத்துப் பார்க்கும்வரை காத்திருக்கவில்லை. இமேஜ்மேஜிக் என்ற கட்டளைவரி நிரல் இருந்தால் இரண்டு வரி:

```
magick logo.png -background "#600020" -flatten arakku.png
magick logo.png -background black -flatten karuppu.png
```

முதல் வரி அரக்கின் மேல் வைத்துக் காட்டும். இரண்டாவது கண்டிப்பான வாத்தியார். கறுப்பின் மேல் ஒரு துளி வெள்ளைக் கரைகூட ஒளிந்துகொள்ள முடியாது. பாதிப் பிக்சலில் வண்ணம் எடுத்துப் பார்த்தேன்: 161, 81, 32. கணக்குப் போட்டதற்கு ஒரே ஒரு புள்ளி வித்தியாசம்.

லேபிளில் லோகோவின் அகலம் 40 மில்லிமீட்டர். 400 பிக்சலை அதற்குள் அடைத்தால் அங்குலத்துக்கு 254 பிக்சல். அச்சுக்கடையில் 300 கேட்பார்கள். ஸ்டிக்கருக்கு 254இல் குறை தெரியவில்லை.

அனுப்பியபோது நடந்தது

கோப்பைப் பெரியம்மா அச்சுக்கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். கடையிலிருந்து அழைப்பு வந்தது: “அம்மா, மறுபடியும் பின்னணியோடுதானே வந்திருக்கிறது?” புகைப்படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதை ஜேபெக்காக மாற்றிவிடும், ஜேபெக்கில் ஆல்பாவுக்கு இடமில்லை, அங்கேயே ஏதோ ஒரு நிறம் கலந்துவிடும். இணைப்பில் `Document` என்பதைத் தேர்ந்தெடுத்து அனுப்பியதும் முழுதாகப் போய்ச் சேர்ந்தது. போய்ச் சேர்ந்த கோப்பின் பெயர் நான் வைத்த பெயராகவே இருந்தால் தப்பித்தது. `IMG-` என்று தொடங்கினால் போயிற்று.

பெயர்ப்பலகை

பலகை நான்கடி அகலம், அரக்கு நிற அக்ரிலிக். அதன் மேல் மஞ்சள் வினைல் தாளைக் கத்தி பொருத்திய பிளாட்டர் இயந்திரத்தில் வெட்டி ஒட்டுவதாகத் திட்டம். வெற்றிபெற்ற பிஎன்ஜியைத்தான் பெருமையாகக் கொண்டுபோனேன். கடைக்காரர் திரையில் ஒரு நொடி பார்த்துவிட்டு, “தம்பி, இது போட்டோ. கத்தி எதைப் பிடித்துக்கொண்டு போகும்?” என்றார். ஓரம் எவ்வளவு நயமாகக் கலந்திருந்தாலும் கத்திக்கு அதனால் பயனில்லை. பாதி வெட்டு என்று ஒன்று கிடையாது. அச்சடிப்பதாக இருந்தாலும் கதை வேறில்லை. நான்கடி என்றால் 1219 மில்லிமீட்டர். 400 பிக்சலை அதில் பரப்பினால் ஒரு பிக்சல் 3 மில்லிமீட்டர் சதுரம். சாலையின் எதிர்ப்பக்கத்திலிருந்தே ஓரம் மங்கித் தெரியும்.

பிக்சல் இல்லாமல் கோடுகளாலேயே ஆன வெக்டராக மறுபடி வரைந்து தர அவர் 600 ரூபாய் கேட்டார். நியாயமான விலைதான். இருந்தாலும் செய்துபார்க்கும் ஆசையில் வீட்டுக்கு வந்து வெக்டர் வரையும் மென்பொருளான இங்க்ஸ்கேப்பைத் திறந்தேன்.

பிஎன்ஜியை உள்ளே இழுத்துப் போட்டு, எஸ்விஜி என்ற வெக்டர் கோப்பாகச் சேமித்தால் எஸ்விஜி வந்துவிடுகிறது. பெயரளவில். உரைத்திருத்தியில் திறந்தால் `<image` என்ற குறிக்குப் பின்னால் பக்கம் பக்கமாக எழுத்துக் குவியல். பழைய பிக்சல் படம் அப்படியே உள்ளே உட்கார்ந்திருக்கிறது. உண்மையான வெக்டரில் `<path` என்றும், அதற்குள் எங்கே தொடங்கி எப்படி வளைய வேண்டும் என்ற எண்களும் இருக்கும். விலை கொடுத்து வாங்கிய எஸ்விஜியையும் இப்படி ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது:

```
grep -c "<image" logo.svg
```

0 என்று வந்தால் சரி. கட்டளை வேண்டாம் என்றால் இங்க்ஸ்கேப்பில் `View > Display Mode > Outline`. அங்கே விளக்கின் வடிவம் கோடாகத் தெரிய வேண்டும். வெறும் செவ்வகம் தெரிந்தால் அது பிக்சல் படம்.

வடிவத்தைக் கோடாக எடுக்க `Path > Trace Bitmap`. இதன் உள்ளே வேலை செய்வது பொட்ரேஸ் என்ற நிரல். அது கறுப்பு வெள்ளை மட்டும் அறியும். குறிப்பிட்ட வெளிச்ச அளவுக்குக் கீழே இருப்பது வடிவம், மேலே இருப்பது வெட்டவெளி. தொடக்க மதிப்பு 0.45. என் மஞ்சள் அதைவிட வெளிச்சமானது. ஆகவே முதல் ஓட்டத்தில் ஒன்றுமே கிடைக்கவில்லை, காலிப் பக்கம். மதிப்பை ஏற்றி ஏற்றிப் பிடிப்பதைவிட, ஆல்பாவைப் பூட்டி மஞ்சளால் நிரப்பிய அதே தந்திரத்தைக் கறுப்பால் செய்தேன். கறுப்பு லோகோ, வெள்ளைப் பின்னணி. அதை நான்கு மடங்கு பெரிதாக்கி 1600 பிக்சல் ஆக்கி, இரண்டு பிக்சல் அளவுக்கு மங்கலாக்கி, 0.50இல் கோடெடுத்தேன். மங்கலாக்குவது முரணாகத் தோன்றும். ஓரத்தின் படிக்கட்டுகள் அதில்தான் கரைகின்றன. பாதிக் கலப்பு இருக்கும் இடத்தில் 0.50 வெட்டுவதால் வடிவம் பருக்கவும் இல்லை, இளைக்கவும் இல்லை.

விளக்கு நன்றாக வந்தது. நேரடியாக ஜேபெக்கிலிருந்து கோடெடுத்தபோது நூற்றுக்கணக்கான கணுக்கள் இருந்தன. கத்தி ஒவ்வொரு கணுவிலும் திசை மாறும், வினைலின் ஓரம் நடுங்கும். சுத்தம் செய்த படத்தில் கணுக்கள் வெகுவாகக் குறைந்தன. மிச்சத்தை `Path > Simplify` ஒருமுறை கொடுத்துக் குறைத்தேன். இரண்டாம் முறை கொடுத்ததும் சுடரின் கூர்முனை மழுங்கியது. அதைத் திரும்ப எடுத்துவிட்டேன்.

எழுத்துகள் அப்படி வரவில்லை. 400 பிக்சல் படத்தில் எழுத்தின் உயரம் 40 பிக்சல்கூட இல்லை. சுழிகள் உருண்டு, மூலைகள் எல்லாம் சப்பிப்போட்டதுபோல வந்தன. இருக்கிற தகவலைத்தான் கோடாக மாற்ற முடியும். இல்லாத மூலையை எந்த நிரலும் வரவழைக்காது. ஒப்பிட்டுப் பார்த்ததில் எழுத்துரு பலூ தம்பி என்று தெரிந்தது. இலவச உரிமத்தில் கிடைப்பது. பழைய எழுத்தை நீக்கிவிட்டு, அதே அளவில் புதிதாகத் தட்டச்சு செய்து மேலே பொருத்தினேன்.

இங்கே இரண்டு கண்ணிகள் இருந்தன. எழுத்தை எழுத்தாகவே விட்டுவிட்டால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வேறு எழுத்துரு வந்து உட்காரும். தமிழுக்கு இன்னும் மோசம்: எழுத்துகளைச் சேர்த்து அமைக்கத் தெரியாத பழைய வெட்டு மென்பொருளில் ‘பொடி’யின் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கக்கூடும். ஆகவே `Path > Object to Path` கொடுத்து எழுத்தை வடிவமாக்க வேண்டும். அதற்கு முன் தட்டச்சு செய்த பிரதி ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். வடிவமான பிறகு பிழை திருத்த முடியாது. அடுத்தது, ஒன்றன்மேல் ஒன்று ஏறிய வடிவங்கள். திரையில் ஒரே மஞ்சளாகத் தெரிந்தாலும், கத்தி இரண்டின் கோட்டிலும் தனித்தனியே போய், எழுத்தின் நடுவே கீறிவிடும். `Path > Union` கொடுத்ததும் ஒன்றாயின. சங்கிலியை நான் தடித்த கோடாகப் புதிதாக வரைந்திருந்தேன், அதற்கு `Path > Stroke to Path`. இல்லாவிட்டால் தடிமனைக் கணக்கில் கொள்ளாமல் கத்தி நடுவே ஒரு கீறல் மட்டும் போடும்.

கடைக்குப் பிடிஎஃப்பாகச் சேமித்துக் கொடுத்தேன். கடையில் கோரல்டிரா, எஸ்விஜியைவிடப் பிடிஎஃப்பை அவர் தயங்காமல் வாங்கிக்கொண்டார். கோட்டுக் காட்சிக்கு மாற்றிப் பார்த்துவிட்டு, “இப்போது கத்திக்கு வழி இருக்கிறது” என்றார். 600 ரூபாய் மிச்சம். ஆனால் என் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் போயிற்று. வேலையாக எண்ணினால் அவரிடமே கொடுத்திருப்பது லாபம்.

வண்டியின் பெட்டி கறுப்பு. அதே கோப்பு, அதே வினைல், அளவு மட்டும் 30 சென்டிமீட்டர். அங்கே எழுத ஒன்றுமில்லை.

வெக்டர் வந்த பிறகு பிஎன்ஜிக்கு மூலம் அதுதான். லேபிளின் இரண்டாம் அச்சுக்கு வேண்டிய அகலத்தில் புதிதாக எடுத்தேன்:

```
inkscape logo.svg --export-type=png --export-width=1200 --export-filename=logo-1200.png
```

வெள்ளையோடு ஒருபோதும் கலக்காத ஓரம் என்பதால் இதில் உறிஞ்சி எடுக்க எதுவும் இல்லை. மேலே சறுக்குப்பட்டிகளோடு மல்லுக்கட்டியதெல்லாம் மூலக் கோப்பு இல்லாதவன் செய்கிற வேலை.

புகைப்படங்கள்

வாழையிலையில் இட்லியும் பொடியும் வைத்து எடுத்த படத்தை ஜேபெக்காகவே விட்டுவிட்டேன். அதற்குக் கூர்மையான ஓரமும் இல்லை, பின்னணியை மாற்றும் தேவையும் இல்லை. பிஎன்ஜியாக வைத்தால் கண்ணுக்கு ஒன்றும் கூடாமல் கோப்பு பல மடங்கு பெருக்கும். ஆர்வக்கோளாறில் அதையும் கோடெடுத்துப் பார்த்தேன். இட்லி தேசப்படம்போல ஆகிவிட்டது.

இன்ஸ்டாகிராம் பதிவுக்கு அரக்குப் பின்னணியோடு சேர்த்தே படமாக்கிக் கொடுக்க வேண்டும்; ஆல்பா அங்கே நிற்காது. முதலில் ஜேபெக்காகக் கொடுத்தபோது மஞ்சளும் அரக்கும் சேரும் இடத்தில் நிறம் கசிந்ததுபோல இருந்தது. ஜேபெக் வழக்கமாக வெளிச்சத்தை முழு நுணுக்கத்தோடும் நிறத்தைக் கால்வாசி நுணுக்கத்தோடும் சேமிக்கிறது. புகைப்படத்தில் இது தெரியாது. அடர்நிறத்தை ஒட்டி இன்னோர் அடர்நிறம் வரும் லோகோவில் தெரியும். கிம்ப்பின் ஏற்றுமதிப் பெட்டியில் `Subsampling` என்பதை 4:4:4 ஆக்கி, தரத்தை 92இல் வைத்ததும் கசிவு நின்றது. பதிவேற்றிய பிறகு தளம் தன் பங்குக்குச் சுருக்குவதைத் தடுக்க முடியாது; நல்ல படத்திலிருந்து சுருங்கினால் சேதம் குறைவு.

இப்போது பெரியம்மாவின் கோப்புறையில் `logo.svg`, அதிலிருந்து எடுத்த பிடிஎஃப், மஞ்சளிலும் வெள்ளையிலும் இரண்டு பிஎன்ஜிகள், தட்டச்சு செய்த எழுத்தோடு ஒரு திருத்தப் பிரதி ஆகியவை இருக்கின்றன. பழைய ஜேபெக்கையும் அழிக்கவில்லை. ஆனால் பெயரை மாற்றி, அச்சுக்கு அனுப்பக் கூடாது என்று பெயரிலேயே எழுதிவிட்டேன். யாராவது லோகோ கேட்டால் கைப்பேசியில் முதலில் கிடைப்பது எப்போதும் அதுதான்.

அடுத்த முறை சிறிய அளவை முதலிலேயே சோதிப்பேன். பொடிப் புட்டியின் மூடிக்கு 15 மில்லிமீட்டரில் ஒட்டுத்தாள் எடுத்தபோது சங்கிலி மறைந்தது, ஐந்து சுடரும் ஒரே கட்டியானது. கோப்பில் குறையில்லை, அவ்வளவு மெல்லிய மஞ்சள் கோட்டைச் சுற்றியுள்ள அரக்கு மை விழுங்கிவிட்டது. சங்கிலியை எடுத்துவிட்டு, சுடர்களுக்கு இடையே இடைவெளியை விரித்து, எழுத்தின் இரண்டாம் வரியை நீக்கி மூடிக்கென்று தனி எஸ்விஜி ஒன்று வரைந்துகொண்டிருக்கிறேன். இரண்டாம் வரி போவதில் பெரியம்மாவுக்கு இன்னும் சம்மதம் இல்லை.